மரம் விழுந்தால் போதாது, கணக்கிலும் விழ வேண்டும்!

தென்னந்தோப்புக்குள் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஒருவர் நுழைந்தால் விட்டுவிடாதீர்கள், பின்னாலேயே போங்கள். கலசப்பாக்கம் பக்கம் செய்யாற்றங்கரைத் தோப்பு ஒன்றில் நான் அப்படித்தான் ஒட்டிக்கொண்டேன். முன்னால் தோப்புக்காரர், நடுவில் பணி ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர், பின்னால் நோட்டோடு நான். ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் வெள்ளை பெயிண்டில் ஓர் எண் ஏறுகிறது. 1, 2, 3... இருபதைத் தாண்டும்போதே எனக்குக் குஷி தாங்கவில்லை. நாற்பதாவது மரத்தில் "நான் எழுதட்டுமா சார்?" என்று கேட்டுப் பிரஷ்ஷை வாங்கிவிட்டேன். 43-ஐக் கோணலாக எழுதியவன் நான்தான்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், புயலுக்கு. சிரிக்காதீர்கள். கடல் எங்கே, கலசப்பாக்கம் எங்கே என்று நானும்தான் கேட்டேன். நேர்கோட்டில் பிடித்தால் நூறு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது வங்கக் கடல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், கரையிலேயே காலி ஆகாமல் உள்ளே நகர்ந்து திருவண்ணாமலை மாவட்டத்தின் தலையில் கொட்டியதே! டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் உயிரிழந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு "எங்க ஊருக்கு இன்னா புயலு வரப்போவுது" என்று சொல்பவர்களின் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சரி, இந்தப் பெயிண்ட் எண்ணின் பின்னால் என்ன நடக்கிறது? வாருங்கள், திரையை விலக்கிப் பார்ப்போம்.

தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. காப்பீட்டைத் தருவது இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம். இதில் தோப்பைக் காப்பீடு செய்வதில்லை, ஏக்கரைக் காப்பீடு செய்வதில்லை, விளையும் தேங்காயைக் கூடக் காப்பீடு செய்வதில்லை. மரத்தைத்தான் காப்பீடு செய்கிறார்கள். ஒவ்வொரு மரமும் தனி ஆள்! நான்கிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள மரம் செத்தால் 900 ரூபாய். பதினாறிலிருந்து அறுபது வரை 1,750 ரூபாய். அறுபதைத் தாண்டினால் காப்பீடு கிடையாது. நெட்டை ரகம் காய்ப்புக்கு வரத் தாமதமாகும் என்பதால் அதற்கு மட்டும் ஏழு வயதிலிருந்து கணக்கு. நோய் நொடி இல்லாத, காய்க்கிற மரமாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் குறைந்தது ஐந்து மரமாவது இருக்க வேண்டும். தறி வீட்டுக் கொல்லையில் நாலு தென்னை வைத்திருக்கும் ஆரணி பக்கத்து நெசவாளர், அந்த ஒரு மரத்தால் வெளியே நிற்கிறார்.

பிரீமியத்தைக் கேட்டால்தான் வேடிக்கை. இளைய மரத்துக்கு ஆண்டுக்கு 9 ரூபாய், மூத்த மரத்துக்கு 14 ரூபாய். அதிலும் பாதியை வாரியம் கட்டுகிறது, கால் பங்கை மாநில அரசு கட்டுகிறது. தோப்புக்காரர் கையிலிருந்து போவது இளைய மரத்துக்கு 2 ரூபாய் 25 காசு, மூத்த மரத்துக்கு 3 ரூபாய் 50 காசு. ஒரு டீ கூட வராத காசு! இது எனக்குத் தெரிந்த விகிதம். இந்த ஆண்டு விகிதத்தை வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் முதல் சுவாரசியம். பதினைந்து வயது மரத்துக்கு 900, பதினாறுக்கு 1,750. ஒரு வயதில் தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மரத்துக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? தோப்புக்காரர் "எங்கப்பா நட்டது சார்" என்கிறார். அப்பா எந்த வருஷம் நட்டார் என்றால், "அந்த பெரிய மழை வந்த வருசம்" என்கிறார். எந்தப் பெரிய மழை?

ஓய்வு பெற்ற அலுவலர் சிரித்துக்கொண்டே மரத்தைத் தடவினார். தென்னை தன் வயதைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு மட்டை உதிரும்போதும் தண்டில் ஒரு வளையத் தழும்பு விழுகிறது. நன்றாக வளர்ந்த மரம் ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு மட்டை விடும், அதாவது மாதத்துக்கு ஒன்று. ஆக, பன்னிரண்டு தழும்புக்கு ஒரு வயது. அதோடு, தண்டு தரைக்கு மேலே தெரியாத முதல் நாலைந்து ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு மரத்துக்கும் எண்ண வேண்டாம். கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை தழும்பு என்று பார்த்து, மரத்தின் உயரத்துக்குப் பெருக்கினால் போதும். தண்ணீர் இல்லாமல் வாடிய ஆண்டுகளில் மட்டை குறையும், ஆகவே ஓரிரண்டு வயது முன்னே பின்னே போகும். இது காப்பீட்டு விதி அல்ல, தோப்பு பார்த்துப் பழகியவர்களின் கைக்கணக்கு. ஆனால் பதினைந்தா பதினாறா என்று வரும்போது இதைவிட நல்ல சாட்சி தோப்பில் கிடையாது. நான் 17-ஆம் எண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தழும்பு எண்ணியதை யாரும் படம் எடுக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

அடுத்தது 175. காப்பீட்டிலும் சரி, அரசு நிவாரணத்திலும் சரி, இந்த எண் வந்து வந்து நிற்கும். ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் வரைதான் கணக்கு. ஏன் 175? யாரும் தோப்பில் போய் எண்ணி வந்ததில்லை. மரத்துக்கு மரம், வரிசைக்கு வரிசை ஏழரை மீட்டர் விட்டு நட வேண்டும் என்பது பரிந்துரை. ஏழரையை ஏழரையால் பெருக்கினால் ஒரு மரத்துக்கு 56.25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேரான 10,000 சதுர மீட்டரை அதால் வகுத்தால் 177 சொச்சம். அதைக் கொஞ்சம் இறக்கி 175 என்று வைத்துக்கொண்டார்கள். ஏக்கருக்கு 70. ஆனால் நம் ஆட்கள் ஏழரை மீட்டருக்கா நட்டிருக்கிறார்கள்? வரப்போரம் இரண்டு, கிணற்றடியில் மூன்று, பட்டுப்போன மரத்துக்குப் பக்கத்தில் புதுக்கன்று ஒன்று என்று ஏக்கருக்கு எண்பது, தொண்ணூறு வைத்திருப்பார்கள். எழுபதுக்கு மேல் நிற்பதெல்லாம் காற்றுக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியாது.

இப்போது ஒரு தோப்பை வைத்தே பார்த்துவிடலாம். உண்மைத் தோப்பு அல்ல, நாம் வைத்துக்கொள்ளும் தோப்பு. ஒரு ஏக்கர், 84 மரம். எழுபதைத்தான் காப்பீடு செய்ய முடியும். அதில் இருபது இளையவை, ஐம்பது மூத்தவை. இருபது பெருக்கல் 2.25 என்றால் 45 ரூபாய். ஐம்பது பெருக்கல் 3.50 என்றால் 175 ரூபாய். மொத்தம் ஓர் ஆண்டுக்கு 220 ரூபாய். எழுபது மரத்திலும் எண் எழுதியாயிற்று. மீதிப் பதினாலு மரம் மொட்டையாக நிற்கிறது.

புயல் வருகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் பதினெட்டு மரம் போயிருக்கிறது. தோப்புக்காரருக்குப் பதினெட்டுதான் தெரியும். காப்பீட்டுக்காரருக்கு? முதல் வேலையே எண் தேடுவதுதான். விழுந்த மரத்தில் பெயிண்ட் தரைப்பக்கம் போயிருந்தால் கடப்பாரை போட்டுப் புரட்ட வேண்டும்! அதனால்தான் ஓய்வு பெற்ற அலுவலர் ஒவ்வொரு மரத்திலும் இரண்டு பக்கம் எண் எழுதச் சொன்னார். "ஒரு பக்கம் மட்டும் எழுதினீங்கன்னா, அந்தப் பக்கமாத்தான் தம்பி விழும்" என்றார். இது அறிவியலா அனுபவமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிரஷ்ஷைத் தோய்த்து மறுபக்கம் போய்விட்டேன்.

தேடிப் பார்த்ததில் விழுந்த பதினெட்டில் ஐந்து மரத்துக்கு எண் இல்லை. அவை கழிந்தன. பதின்மூன்றுக்கு எண் இருக்கிறது. அதில் பத்து, வேரோடு சாய்ந்தோ நடுத்தண்டில் முறிந்தோ கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு செத்தது என்று எழுதலாம். மூன்று இளையவை, ஏழு மூத்தவை. 2,700-உம் 12,250-உம் சேர்த்தால் 14,950 ரூபாய். கட்டியது 220. ஒன்றிரண்டு மரம் மட்டும் விழுந்திருந்தால் தொகை வராது. காப்பீடு செய்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு குறைந்தபட்ச இழப்பு வரம்பு உண்டு. நம் தோப்பு அதைத் தாண்டிவிட்டது.

மிச்சம் மூன்று மரம். இவைதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகர்கள். ஒன்று பாதி வேர் வெளியே தெரிய ஒருக்களித்துக் கிடக்கிறது. ஒன்றின் தலையைக் காற்று பிடித்து முறுக்கிவிட்டிருக்கிறது. ஒன்றில் மட்டை எல்லாம் போய்க் குருத்து மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. செத்ததா, இருக்கிறதா?

காப்பீடு தருவது மரம் செத்தால், அல்லது இனிக் காய்க்கவே காய்க்காது என்று ஆனால் மட்டும். காய் உதிர்ந்தது, மட்டை ஒடிந்தது, இந்த வருஷ விளைச்சல் போனது என்பதெல்லாம் கணக்கில் வராது. தென்னையோ சாவதில் மிகவும் நிதானமானது. அதற்கு வளரும் புள்ளி ஒன்றே ஒன்றுதான், உச்சியில் மட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குருத்து. அது அழுகினால் மரம் முடிந்தது, பக்கத்தில் கிளைத்துத் தப்பிக்க வழி கிடையாது. ஆனால் குருத்து போன பிறகும் ஏற்கெனவே விரிந்த மட்டைகள் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும்! வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பசுமையான மரம். உள்ளே உயிர் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருக்களித்து விழுந்த மரம் போயே போச்சு என்று நினைப்போம். தென்னையின் வேர் ஆணிவேர் அல்ல, அடித்தூரிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பும் நார்வேர். பாதி வேர் மண்ணில் பிடித்திருந்தால், அடியில் மண் அணைத்துவிட்டால், புது வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். தரையோடு தரையாகப் படுத்த மரம் தலையை மட்டும் பாம்பு போல வளைத்துத் தூக்கிக் காய்ப்பதைக் கடலோரங்களில் பார்த்திருப்பீர்கள். தோப்புக்காரருக்கு அது சந்தோஷம்தான். ஆனால் கணக்கில் அது விழாத மரம்!

முறுக்கிய தலையை எப்படிச் சோதிப்பது? ஏறத் தெரிந்தவர் ஏறி, நடுவில் இருக்கும் விரியாத குருத்தோலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பார். கெட்டியாக நின்றால் உயிர் இருக்கிறது. கையோடு வந்து, அடியில் சொதசொதவென்று நாற்றம் அடித்தால் முடிந்தது. இதோடும் கதை முடிவதில்லை. காற்றில் கீறிய தண்டின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். விழுந்த மட்டையும் மக்கிய தண்டும் காண்டாமிருக வண்டுக்குத் தொட்டில். புயலன்று பிழைத்த மரம் நாலு மாதம் கழித்து வண்டால் சாகும். அதைப் புயல் கொன்றதா, வண்டு கொன்றதா? சேதம் பார்க்க வந்தவர் எழுதிவிட்டுப் போன தாளில் அது உயிரோடு நிற்கிறது. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். ஒரே ஒரு முறை போய் எண்ணுவது கல்யாணத்துக்குச் சரி, தென்னைக்குச் சரியில்லை. சந்தேக மரங்களைத் தனியாக எழுதி வைத்து, ஓர் இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். தோப்புக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேதம் பார்க்க வருபவர் தாளில் அந்த மூன்று மரத்தின் எண்ணையும் "குருத்து பாதிப்பு" என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொள்வது. நம் தோப்பில் முறுக்கிய மரம் பின்னால் செத்து, அது மூத்ததாக இருந்தால், அந்த ஒரு வரியின் விலை 1,750 ரூபாய்.

இழப்பு நடந்த பதினைந்து நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஆள் வந்து பார்க்கும் வரை விழுந்த மரத்தை வெட்டக் கூடாது. இது லேசான காரியம் இல்லை. மரம் கிணற்றுமேல் கிடக்கும், மின்கம்பிமேல் கிடக்கும், பக்கத்துக்காரர் வயலில் கிடக்கும். வெட்டியே தீர வேண்டும் என்றால் எண் தெரியும்படி, தோப்புக்காரரும் அடித்தூரும் ஒரே படத்தில் வரும்படி போட்டோ எடுத்துவிட்டு, எண் எழுதிய துண்டை மட்டும் தனியே எடுத்து வைக்கலாம். நிறுவனம் ஏற்குமா என்பது வேறு, கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்பதைவிட மேல்.

இதுவரை சொன்னது காப்பீட்டுக் கணக்கு. அதே தோப்புக்குள் அதே வாரம் இன்னொரு கூட்டமும் நுழையும். கிராம நிர்வாக அலுவலர், வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை ஆள், கையில் சிட்டா, அடங்கல். இது அரசு நிவாரணக் கணக்கு. இவர்களுக்குப் பெயிண்ட் எண் தேவையில்லை. சர்வே எண் போதும். உட்பிரிவு வாரியாக எத்தனை மரம் நின்றது, எத்தனை போனது என்று எழுதுவார்கள். ஒரே மரத்தை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க, எண்ணிய மரத்தில் சாக்பீஸோ பெயிண்டோ ஒரு கோடு. வரப்பில் நிற்கும் மரம் யாருடைய சர்வே எண்ணில் வரும் என்பதில் இரண்டு பங்காளிகள் முறைத்துக்கொள்வது இலவசக் காட்சி.

இங்கே அடிப்படை வேறு. ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், சேதம் 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால். நம் 84 மரத் தோப்பில் பதினெட்டு போனது 21 விழுக்காடுதான். அதாவது, பூஜ்யம்! 33 விழுக்காட்டைத் தொட இருபத்தெட்டு மரம் விழ வேண்டும். இருபத்தேழு விழுந்தால் ஒன்றுமில்லை, இருபத்தெட்டு விழுந்தால் ஏக்கருக்கு 9,000 ரூபாய் அளவில். அந்த எல்லையில் நிற்கும் தோப்பில், ஒருக்களித்த மரம் ஒன்றைச் செத்தது என்று எழுதுவதா வேண்டாமா என்பதுதான் மொத்தத் தொகையையும் தீர்மானிக்கிறது. தோப்புக்காரர் ஏன் அந்த நேரத்தில் மோர் கொண்டுவந்து நீட்டுகிறார் என்று இப்போது புரிகிறதா?

கஜா வேறு கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்து, தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை வரை தென்னையைச் சாய்த்துப் போட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தலைமுறைத் தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்தன. அன்று அரசு வழக்கமான விகிதத்தோடு நிற்காமல் மரத்துக்குக் கணக்குப் போட்டது. போன மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு நம் பழைய நண்பர் 175 வந்து நிற்கிறார், 1,92,500 ரூபாய். மறுபடி நட்டு வளர்க்க ஹெக்டேருக்கு இன்னொரு 72,100. அப்போதும் ஹெக்டேரில் இருநூறு மரம் வைத்திருந்தவர்களுக்கு மீதி இருபத்தைந்து மரம் கணக்கில் ஏறவில்லை. மரத்தை வெட்டி அகற்ற ஐந்நூறு போதாது என்று விவசாயிகள் சொன்னார்கள். ஒரே சமயத்தில் அத்தனை தோப்பும் விழுந்தால் மரம் அறுக்கும் ஆளுக்கு எங்கே போவது? காப்பீடு செய்திருந்தவர்களோ மிகச் சிலர். கஜா நிவாரணம் அந்தப் புயலுக்கென்று அறிவித்தது. அடுத்த புயலுக்கும் அதுவே வரும் என்று நினைத்து எண் எழுதாமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை.

வாழைக்குப் போவோமா? பருவதமலை அடிவாரம் வரை வந்துவிட்டு வாழையைப் பார்க்காமல் போனால் எப்படி? குலை தள்ளிய வாழையை முறிக்கப் புயலே வேண்டாம், கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று போதும். தலை கனம், தண்டு வெறும் நீரும் நாரும். ஏக்கருக்கு ஆயிரம் கன்று நட்ட தோட்டத்தில் ஐந்நூறு படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டில் ஐந்நூறு மரம் எண்ணுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படித்தான் நின்றேன்.

ஒரு மரம் கூட எண்ணமாட்டார்கள்!

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டில் வாழை பிர்க்கா அளவில் வருகிறது. உங்கள் பிர்க்காவில் வாழை அறிவிக்கை செய்யப்பட்டிருந்தால், காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 விழுக்காட்டை நீங்கள் கட்டுகிறீர்கள். பிறகு பிர்க்காவில் தேர்ந்தெடுத்த சில தோட்டங்களில் விளைச்சலை அளந்து சராசரி எடுப்பார்கள். அது உத்தரவாத விளைச்சலைவிட எவ்வளவு குறைகிறதோ, அந்த விகிதத்தில் எல்லோருக்கும் தொகை. உத்தரவாதம் ஏக்கருக்கு 10 டன், சராசரி 9 டன் என்றால் பத்து விழுக்காடு. ஒரு மரம் கூட விழாதவருக்கும் பத்து. தோட்டமே படுத்தவருக்கும் அதே பத்து. பிர்க்கா சராசரி பதினொன்று வந்துவிட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை. சூறைக்காற்று ஒரு பட்டையாக நாலு தோட்டத்தை மட்டும் உழுதுவிட்டுப் போவதுதான் அதன் சுபாவம். அந்த நாலும் சராசரிக்குள் கரைந்துவிடும்.

தனித் தோட்டத்துக்கு வந்து பார்க்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் சொன்னால், ஆலங்கட்டி மழை, மண்சரிவு, வெள்ளம் தேங்குவது, மேகவெடிப்பு, மின்னல் தீ ஆகியவற்றுக்கு அந்தத் தோட்டத்தையே பார்ப்பார்கள். மறுபடி படியுங்கள். காற்று இல்லை! புயல் வேறோர் இடத்தில் இருக்கிறது, அறுவடைக்குப் பிறகு. வெட்டி வயலில் பரப்பிக் காயவைத்த பயிரைப் பதினாலு நாளுக்குள் புயல் கெடுத்தால் காப்பீடு உண்டு. வாழைக்குலையை வெட்டி வயலில் பரப்பிக் காயவைப்பவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். ஆகவே காற்றில் முறிந்த வாழைக்காரர் மனு எழுதும்போது, தண்ணீர் தேங்கியிருந்தால் அதையும் படத்தோடு எழுத வேண்டும். தேங்காமல் இருந்தால் பொய் எழுத வேண்டாம், வருகிறவர் மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

எல்லையைத் தாண்டினால் வேறு உலகம். கேரளத்தின் மாநிலப் பயிர்க் காப்பீட்டில் வாழையை மரம் மரமாக எண்ணுகிறார்கள். நேந்திரனுக்கு மரத்துக்கு 3 ரூபாய் கட்டினால், குலை தள்ளிய மரம் போனால் 300 ரூபாய், தள்ளாத மரம் போனால் 150. எவ்வளவு எளிமை! குலை இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. முறிந்து கிடக்கும் மரத்தில் அது கண்ணுக்குத் தெரியும், சண்டைக்கு இடமில்லை. அங்கே சின்னச் சின்னத் தோட்டங்கள், கிராமத்துக்குக் கிராமம் கிருஷி பவன் அலுவலகம், நடந்து போய் எண்ண முடிகிறது. நம்மிடம் ஐந்நூறு ஐந்நூறாக விழும்போது யார் எண்ணுவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் தென்னையை எண்ண முடிகிறபோது, நட்ட வரிசையில் அசையாமல் படுத்துக் கிடக்கும் வாழையை எண்ண முடியாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வரிசைக்கு இத்தனை, வரிசை இத்தனை. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

கலசப்பாக்கம் தோப்பில் கடைசி எண்ணை எழுதி முடித்தபோது என் சட்டையெல்லாம் வெள்ளைப் புள்ளி. தோப்புக்காரர் எண்ணில்லாமல் நின்ற மரங்களை ஏக்கத்தோடு பார்த்தார். "இதுங்கள இன்னா சார் பண்றது?" என்றார். "காத்து வந்தா அதுங்க முதல்ல விழக் கூடாதுன்னு வேண்டிக்கோங்க" என்றார் அலுவலர்.

உங்களிடம் ஐந்து தென்னையாவது இருந்தால் செப்டம்பரிலேயே சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகலோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்விடுங்கள். பணம் கட்டிய நிமிஷத்திலேயே காப்பீடு தொடங்கிவிடாது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று டிவியில் ஓடும்போது ஓடினால் பயன் இல்லை. எண்ணை இரண்டு பக்கமும் எழுதுங்கள்.